சீட்டிலிருந்து "வை" வரை: மோதல் காட்சியில் வாக்கிய நீளம்

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல நடக்குற மாதிரி ஒரு சிறுகதை எழுதுறேன். எடை குறைஞ்சதுக்காக ஒரு விவசாயி மண்டிக்காரரை எதிர்த்துக் கேக்குற இடம்தான் உச்சம். பதற்றமான காட்சின்னா வாக்கியம் சின்னதா இருக்கணும்னு படிச்சேன். அதனால எல்லாத்தையும் வெட்டி வெட்டி எழுதினேன்: "மாயாண்டி சீட்டைப் பார்த்தார். முகம் சிவந்தது. கல்லாவுக்கு நடந்தார். செல்வம் நிமிர்ந்தார். மாயாண்டி சீட்டை நீட்டினார். செல்வம் சிரித்தார். மாயாண்டி முறைத்தார்." படிச்சவங்க எல்லாரும் சப்புன்னு இருக்குங்கிறாங்க. வாக்கியத்தோட நீளத்தையும் அமைப்பையும் எப்படிக் கையாளணும்?

பதில்:

நீங்கள் படித்த அறிவுரை பொய்யில்லை. ஆனால் அது வினை முன்னால் வரும் மொழியை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. ஆங்கில வாக்கியத்தில் யார், என்ன செய்தார் என்பது முதல் இரண்டு மூன்று சொற்களிலேயே தெரிந்துவிடும். மீதிச் சொற்கள் அதன் விவரம். தமிழில் வழக்கமான வரிசைப்படி முற்றுவினை கடைசியில் வருகிறது. அது வரும்வரை நடந்தது என்ன என்பது முடிவாகத் தெரியாது; நடந்ததா, நடக்கவில்லையா என்பதுகூடத் தெரியாது. வாசகர் காத்திருப்பது அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான். எனவே தமிழ் உரைநடையில் பதற்றம் சேரும் இடம், வாக்கியத்தின் தொடக்கத்துக்கும் முற்றுவினைக்கும் இடைப்பட்ட தூரம். குட்டை வாக்கியம் அந்தத் தூரத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. நீங்கள் எழுதிய ஏழு வாக்கியங்களில் வாசகர் ஏழு முறை காத்திருக்கத் தொடங்குகிறார், ஏழு முறையும் இரண்டு மூன்று சொற்களுக்குள் விடுவிக்கப்படுகிறார். சேர்ந்திருக்க வேண்டிய அழுத்தம் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் கசிந்துவிடுகிறது.

இன்னொரு குறை காதில் விழுவது. உங்கள் ஏழு வாக்கியங்களில் ஆறு 'ஆர்' என்று முடிகின்றன: பார்த்தார், நடந்தார், நிமிர்ந்தார், நீட்டினார், சிரித்தார், முறைத்தார். இருவருமே மரியாதைப் பன்மைக்கு உரியவர்கள் என்பதால் இருவருடைய செயலும் ஒரே ஒலியில் முடிகிறது. சண்டை இருவருக்கு இடையில் நடக்கிறது, ஆனால் ஓசையில் ஒரே ஆள்தான் இருக்கிறார். இதற்கு மருந்து மூன்று வழிகளில் கிடைக்கும். முதலாவது எதிர்மறை முற்று. 'நிமிரவில்லை' என்ற சொல்லில் ஆண், பெண், உயர்வு, தாழ்வு எதுவும் ஒட்டிக்கொள்ளாததால் 'ஆர்' தொடர் அங்கே அறுபடும். அடுத்தது, ஆளுக்குப் பதிலாக அவருடைய கையையோ குரலையோ எழுவாயாக்குவது. வினை உடனே 'அது' என்று முடியும். மூன்றாவதாக, வினையே இல்லாத வாக்கியம் தமிழுக்கு இயல்பானது: "சீட்டில் ஏழு கிலோ அறுநூறு." இதில் 'இருந்தது' என்று சேர்க்க வேண்டிய கட்டாயமே கிடையாது.

இனி நீண்ட வாக்கியத்துக்கு வருவோம். மாயாண்டி கல்லாவை நோக்கி வருவதை உங்கள் முதல் மூன்று வாக்கியங்கள் சொல்கின்றன. அதையே ஒரே வாக்கியமாக்கிப் பார்க்கலாம்.

"எட்டுக் கிலோ நானூறு என்று வீட்டுத் தராசில் நிறுத்துக் கட்டிக்கொண்டு வந்த மல்லிகைக்கு ஏழு கிலோ அறுநூறு என்று எழுதிக் கொடுத்திருந்த சீட்டை மடிக்காமல், கசக்காமல், இரு விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, ஏலம் கூவுகிறவரையும் தரையில் குவிந்திருந்த பிச்சியையும் சுற்றிக்கொண்டு, கல்லாவின் முன்னால் வந்து நின்றார் மாயாண்டி."

முப்பத்து நான்கு சொற்கள். உங்களுடைய மூன்று வாக்கியங்களைவிடச் செய்தி கூடியிருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் பதற்றம் வருவது செய்தியால் அல்ல. ஆள் யாரென்று தெரியும் முன்பே வழக்கு என்ன என்று தெரிந்துவிடுகிறது: எண்ணூறு கிராம் குறைவு. அந்தக் கணக்கை வாசகரே போட்டுப் பார்த்துவிடுகிறார். கதை சொல்பவர் போட்டுக் காட்டினால் அது புகார் மனுவாகிவிடும். அடுத்து வரும் 'மடிக்காமல், கசக்காமல்' என்ற இரண்டு எதிர்மறை எச்சங்களும் நடக்காத செயல்களைச் சொல்கின்றன. நடக்காத செயலைச் சொல்லும்போது அது நடந்திருக்கக்கூடும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கோபம் இருக்கிறது, அடக்கி வைத்திருக்கிறார் என்று தனியாக எழுதத் தேவையில்லை. 'முகம் சிவந்தது' தானாக உதிர்ந்துவிடும். இப்படிப்பட்ட எச்சம் இரண்டு போதும். மூன்றாவதாக 'கிழிக்காமல்' என்று சேர்த்தால் எழுதுகிறவரின் கை தெரியத் தொடங்கும்.

அதற்குப் பிறகு 'பிடித்துக்கொண்டு', 'சுற்றிக்கொண்டு', 'வந்து' என்ற எச்சங்கள் அடுக்கி வருகின்றன. 'செய்து' என்னும் வாய்பாட்டில் அமையும் எச்சம், தான் சேரும் முற்றின் வினைமுதலையே தனக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்பது பழைய இலக்கண விதி. 'மழை பெய்து குளம் நிறைந்தது' போன்ற காரணத் தொடர்களில் அது தளர்ந்தாலும், செயல்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் இன்றைய தமிழிலும் பெரும்பாலும் நிற்கிறது. கதை எழுதுகிறவருக்கு இதன் பயன் பெரியது. 'செய்து' தொடர் நீளும்வரை வாசகரின் பார்வை ஒரே ஆளோடு கட்டுண்டு கிடக்கும். மாயாண்டி நடந்து வரும் இடைவெளி முழுவதும் செல்வத்தின் முகத்தை நாம் பார்க்க முடியாது. அந்த முகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமலேயே கல்லா வரைக்கும் வந்துவிடுகிறோம். அப்போது இரண்டே சொல்லில் அடுத்த வாக்கியம்:

"செல்வம் நிமிரவில்லை."

குட்டை வாக்கியத்தின் வேலை இதுதான். முப்பத்து நான்கு சொல் காத்திருந்தவருக்கு இரண்டு சொல்லில் கிடைக்கும் பதில் அவமதிப்பாகவே கேட்கும். இதே "செல்வம் நிமிரவில்லை" உங்கள் ஏழு வாக்கியங்களுக்கு நடுவில் வந்திருந்தால் எட்டாவதாக நின்றிருக்கும், அவ்வளவுதான். குட்டை வாக்கியத்துக்குத் தனக்கென்று வேகம் கிடையாது. முன்னால் வந்த நீளத்திலிருந்துதான் அது வேகம் எடுக்கிறது.

முதல் வாக்கியம் 'நின்றார் மாயாண்டி' என்று பெயரில் முடிவதைக் கவனித்திருப்பீர்கள். எழுவாயை முற்றுக்குப் பின்னால் தள்ளுவது கதையில் ஒரு முறை நன்றாக இருக்கும். 'எடுத்தார் செல்வம், கொடுத்தார் மாயாண்டி' என்று தொடர்ந்தால் மேடைப் பேச்சின் நடை வந்துவிடும். மதுரைக்காரர்களான நமக்கு அந்த நடை காதில் ஊறியிருப்பதால் இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

எவ்வளவு நீளம் தாங்கும் என்ற கேள்விக்குச் சொற்களின் எண்ணிக்கை விடை தராது. 'செய்து, செய்து' என்று வலப்பக்கம் வளரும் தொடரை ஐம்பது சொல் வரைக்கும்கூட வாசகர் சிரமமின்றித் தூக்கிக்கொண்டு வருவார், ஏனென்றால் ஒவ்வொரு எச்சத்திலும் ஒரு செயல் நடந்து முடிந்துவிடுகிறது. சுமையாவது பெயரெச்சம். "மாயாண்டி கட்டிக்கொண்டு வந்த பூவை நிறுத்த பையன் எழுதிய சீட்டை வாங்கிய மகன் சொன்ன எடையைக் கேட்டு" என்று எழுதினால் சொற்கள் பதின்மூன்றுதான், ஆனால் ஒவ்வொரு பெயரும் வந்த பிறகுதான் முன்னால் சொன்னது யாரைப் பற்றி என்று தெரியும் என்பதால் வாசகர் ஐந்து முறை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் திரும்புகிற வாசகரிடம் பதற்றம் இருக்காது, எரிச்சல்தான் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பெயரெச்சம் தாங்கும் என்பது என் கணக்கு. மேலே உள்ள நீண்ட வாக்கியத்தில் 'வந்த மல்லிகைக்கு', 'கொடுத்திருந்த சீட்டை' என்று சரியாக இரண்டு இருக்கின்றன. மூன்றாவது வந்தால் அதை எடுத்து முந்தைய பத்தியில் போட்டுவிடுங்கள். வாய்விட்டுப் படிப்பதுதான் இதற்குச் சோதனை. மூச்சு வாங்குவதற்காக நிற்கும் இடமும் நீங்கள் காற்புள்ளி வைத்த இடமும் ஒன்றாக இருந்தால் வாக்கியம் நிற்கும்.

நீண்ட வாக்கியம் ஒருவர் நடந்து வருவதற்குப் பொருந்தும். இருவர் நேருக்கு நேர் நிற்கத் தொடங்கிய பிறகு 'செய்து' எச்சம் காலை வாரிவிடும், ஏனென்றால் அது ஒரே ஆளைத்தான் பின்தொடரும். இங்கேதான் 'செய' என்னும் வாய்பாடு, அதாவது 'வைக்க', 'நீட்ட', 'திரும்ப' போன்ற எச்சங்கள் கைகொடுக்கின்றன. அவை வேறொருவரின் வினையை முற்றாகக் கொண்டு முடியலாம். ஒரே வாக்கியத்தில் மூன்று நான்கு பேரை ஒரே நேரத்தில் அசைய வைக்கத் தமிழில் இதைவிட வசதியான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

"மாயாண்டி பையைத் தூக்கித் தராசுத் தட்டில் வைக்கப் போக, எடை போடும் பையன் குறுக்கே கையை நீட்ட, ஏலம் கூவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்ப, செல்வம் கல்லாவை மூடினார்."

நான்கு பேர், நான்கு செயல்கள், ஆனால் முற்று ஒன்றுதான். அந்த ஒரே முற்று செல்வத்துக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற மூவர் செய்ததும் எச்சமாகவே, அதாவது முடியாததாகவே நிற்கிறது. முடிந்த செயல் கல்லாவை மூடியது மட்டும். அந்த இடத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று வாக்கியத்தின் அமைப்பே சொல்லிவிடுகிறது. மாற்றிப் பாருங்கள்: "செல்வம் கல்லாவை மூட, பையன் குறுக்கே கையை நீட்ட, ஏலம் கூவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்ப, மாயாண்டி பையைத் தராசில் வைத்தார்." செயல்கள் ஏறத்தாழ அவையேதான். இப்போது வெற்றி மாயாண்டிக்கு. மோதல் காட்சியைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது வாக்கியத்தின் நீளத்தை அல்ல, முற்றுவினைகளை யார் யாருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். உங்கள் வரைவில் மாயாண்டிக்கு நான்கு, செல்வத்துக்கு இரண்டு. கேட்க வந்தவருக்கே இரட்டிப்பு முற்று இருந்தால் அவர் எதற்காகப் பதற வேண்டும்?

இங்கே ஒரு நடைமுறைச் சங்கதி: பை இன்னும் கொட்டப்படாமல் தராசின் ஓரத்தில் இருக்க வேண்டும். நிறுத்த பூவை மற்றவர்களின் பூவோடு குவியலில் கொட்டிவிட்டால் மறுபடி நிறுக்கக் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது, காட்சியும் வெறும் வாய்ச் சண்டையாகிவிடும். முந்தைய பத்தியிலேயே பையை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அடுத்தது மறுப்பு. 'அடிக்க', 'தூக்க', 'பேச' என்று வந்த பிறகும் தமிழில் முடிவு தெரியாது. 'வில்லை' ஒட்டினால் நடக்கவே இல்லை. இதை நம்பிப் பலர் இப்படி எழுதுகிறார்கள்: "செல்வத்தின் கை எடைக்கல்லை நோக்கிப் போய், வளையத்தைப் பிடித்து, தூக்கவில்லை." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முற்றில் வரும் மறுப்பு தனக்கு முன்னால் வரும் 'செய்து' எச்சங்களின் மீதும் பரவக்கூடும். 'அவன் வந்து பேசவில்லை' என்றால் வந்தான், ஆனால் பேசவில்லை என்றும் கொள்ளலாம்; வரவும் இல்லை, பேசவும் இல்லை என்றும் கொள்ளலாம். அமைதியான பத்தியில் சூழல் இதைச் சரி செய்துவிடும். பதற்றத்தின் நடுவில் வாசகர், கை கல்லைத் தொட்டதா இல்லையா என்று ஒரு நொடி தடுமாறினால் போதும், ஓட்டம் போய்விடும். எனவே தொட்டதை முற்றாக்கி உறுதி செய்துவிட்டு, மறுப்பைத் தனியே நிறுத்த வேண்டும்.

"செல்வத்தின் கை, சீட்டுகள் பறக்காமல் வைத்திருந்த பழைய இரும்பு எடைக்கல்லை நோக்கிப் போய், அதன் வளையத்துக்குள் விரல்களை நுழைத்து, இறுகப் பிடித்தது. தூக்கவில்லை."

பதினாறு சொற்கள், பிறகு ஒன்று. இந்த உத்தி ஒரு காட்சியில் ஒரு முறைதான் செல்லும். இரண்டாம் முறை 'ஓங்கினார், அடிக்கவில்லை' என்று வந்தால், எப்படியும் நடக்காது என்று வாசகர் கணித்துவிடுவார்.

உரையாடலின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. உங்கள் வரைவில் பேச்சே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். பூச் சந்தையில் வாய் பேசாமல் சண்டை நடக்காது. கீழே உள்ளதைப் படித்துப் பாருங்கள்.

"முதலாளி, எடை குறையுதுங்க."

"வெயில்ல கொண்டாந்தா பூ வாடி எடை எறங்கத்தாண்ணே செய்யும், நீங்க என்ன நேத்தா இன்னிக்கா பூக் கொண்டாறீங்க, போன ஆடிக்கு அட்வான்ஸ் வாங்கறப்ப இந்த எடை கிடையெல்லாம் பேசுனமா, இப்ப வந்து நாலு பேரு முன்னாடி சீட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

"விடியுமுன்ன வந்துட்டேங்க. வெயிலு ஏது?"

"அண்ணே, யாவார நேரம்."

"மறுபடி தட்டுல வைங்க."

"வச்சாச்சுண்ணே."

"வை."

குற்றம் சாட்டப்பட்டவரின் பேச்சு நீளமாகவும், கேட்பவரின் பேச்சு குட்டையாகவும் இருப்பதைப் பார்க்கிறீர்கள். செல்வம் ஒரே மூச்சில் வெயிலில் தொடங்கி, பழைய உறவுக்குப் போய், முன்பணத்தை நினைவூட்டி, அவமானத்தில் வந்து முடிக்கிறார். நடுவில் முற்றுப்புள்ளி வைத்தால் மாயாண்டி குறுக்கே பேச இடம் கிடைத்துவிடும் என்பதால் அவருக்குக் காற்புள்ளிகள் மட்டும்தான். முன்பணம் வாங்கியவர் வேறு கடைக்குப் பூவைக் கொண்டுபோக முடியாது என்ற மிரட்டல் அந்த நீளத்தின் நடுவில், அதிகம் கவனிக்கப்படாத இடத்தில் கிடக்கிறது. மாயாண்டி அந்த நான்கில் ஒன்றுக்குத்தான், முதலாவதுக்குத்தான், பதில் சொல்கிறார். அதற்குப் பிறகு செல்வத்தின் பேச்சும் மூன்று சொல், ஒரு சொல் என்று ஒடுங்குகிறது. நீளமாகப் பேச முடிந்தவர் பேச முடியாமல் போவதை வாசகர் காதாலேயே உணர்கிறார்.

ஆனால் இந்தக் காட்சியில் உண்மையான அடி 'வைங்க' என்பது 'வை' ஆனதில் இருக்கிறது. மரியாதை நமக்கு வினையோடு ஒட்டிய ஒலி. அதை எடுத்தால் சொல் குறுகும், சொல் குறுகியது கேட்கும். 'முதலாளி' என்ற விளியும் 'குறையுதுங்க', 'வந்துட்டேங்க' என்ற 'ங்க'வும் மாயாண்டியின் பேச்சில் தொடர்ந்து வந்திருந்தால் மட்டுமே அந்த இழப்பு கேட்கும். முதலிலிருந்தே அவர் மொட்டையாகப் பேசியிருந்தால் 'வை' வெறும் ஓரெழுத்துச் சொல்லாகத்தான் இருந்திருக்கும். ஆகவே உச்சத்துக்கு வேண்டிய ஏற்பாடு காட்சியின் முதல் வரியிலேயே தொடங்கிவிடுகிறது. மறுபக்கம் செல்வம் கடைசி வரைக்கும் 'அண்ணே'யை விடவில்லை என்பதையும் பாருங்கள். மாயாண்டி மரியாதையை விட்ட பிறகும் அவர் விடாமல் இருந்தால் அது பணிவா, ஏளனமா என்று சொல்ல முடியாது. அந்தத் தெளிவின்மையை அப்படியே விட்டுவிடலாம்.

இந்த ஏழு பேச்சிலும் 'என்றார்' ஒன்றுகூட இல்லை. 'முதலாளி' என்று அழைப்பவர் மாயாண்டி, 'அண்ணே' என்று அழைப்பவர் செல்வம் என்று விளியே ஆளைக் காட்டிவிடுவதால் அது தேவைப்படவில்லை. தமிழில் 'என்றார்' பேச்சுக்குப் பின்னால் வருவது என்பதால், ஒவ்வொரு முறையும் பேச்சின் கடைசிச் சொல்லுக்கும் அடுத்தவர் பதிலுக்கும் நடுவில் ஒரு முற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். வேகம் ஏறும் இடத்தில் அதை எடுத்துவிட வேண்டும். ஏழெட்டுப் பேச்சுக்கு மேல் இப்படிப் போனால் ஆள் குழம்பும். அங்கே ஒரு செயலைச் செருகலாம். இந்தக் காட்சியில் நான்கு பேர் அசையும் வாக்கியமும் எடைக்கல் வாக்கியமும் "வச்சாச்சுண்ணே" என்பதற்கும் "வை" என்பதற்கும் நடுவில் வர வேண்டும். கேட்ட பதிலுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் முப்பத்தேழு சொல் காத்திருப்பு சேர்கிறது. அது முடியும்போது 'ங்க' இல்லை.

நீளமாகப் பேசுபவர்தான் தோற்பவர் என்று இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரையில் நடந்ததாக நாம் அறிந்த பழைய மோதல் காட்சி ஒன்று இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் நீ யார் என்று கேட்கும் பாண்டியனுக்குக் கண்ணகி சொல்லும் விடை, ஒரு குறுகிய கடிந்த விளியில் தொடங்கி, உடனே நீண்ட ஓட்டமாக மாறுகிறது. பிறந்த ஊரின் அரசர்கள் காத்த நீதி, கணவனின் குடி, அவன் மதுரைக்கு வந்த காரணம், கொலைக்களம் என்று எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான், கேட்ட கேள்விக்குரிய விடையான அவள் பெயர் கடைசியில் வருகிறது. பெயர் தாமதமாகும் நேரம் முழுவதும் அரசன் கேட்டுக்கொண்டு இருந்தாக வேண்டும். அவனுடைய பதில்கள் குறுகியவை, தவறு தெரிந்த பிறகு அவன் பேச்சு இன்னும் சிறு துண்டுகளாக உடைகிறது. அங்கே நீளம் வழக்கின் பலம். உங்கள் செல்வத்திடம் அது சாக்கு. வித்தியாசம் நீளத்தில் இல்லை, நீண்ட பேச்சு எங்கே போய் முடிகிறது என்பதில் இருக்கிறது. அவள் பேச்சு கேள்விக்கான விடையில் முடிகிறது, செல்வத்தின் பேச்சு வேறொரு கேள்வியில் முடிகிறது.

உங்கள் கதையைத் திருத்த உட்காரும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் சொற்களை எண்ணி ஓரத்தில் எழுதிப் பாருங்கள். உங்கள் வரைவில் 3, 2, 2, 2, 3, 2, 2 என்று வரும். மேலே சொன்ன வடிவில் கதை சொல்பவரின் வாக்கியங்கள் 34, 2, பிறகு உரையாடல், பிறகு 20, 16, 1. எண்கள் இறங்கிக்கொண்டே போக வேண்டும் என்பதில்லை, ஆனால் அடுத்தடுத்த மூன்று எண்கள் ஒன்றுபோல இருக்கும் இடத்தில் வாசகரின் காது தூங்கத் தொடங்கியிருக்கும். எல்லாமே நீளமாக இருந்தாலும் இதே கதிதான். நீண்ட வாக்கியங்களை மட்டும் அடுக்கி எழுதப்பட்ட சண்டைக் காட்சிகளில் யாரும் யாரையும் தொடாதது போன்ற மயக்கம் வருவதற்கு அதுவே காரணம். ஆச்சரியக்குறியும் மூன்று புள்ளியும் இந்த எண்களை மாற்றாது என்பதால் அவற்றை நம்ப வேண்டாம். "வை...!" என்று போட்டால் அந்த ஓரெழுத்துக்கு இருந்த பலமும் போய்விடும்.

'வை' வந்த பிறகு என்ன என்பதுதான் மிச்சம். இங்கே பலரும் குரல் நடுங்கியதையும் சந்தையே உறைந்ததையும் எழுதப் போய்விடுவார்கள். அடுத்த வாக்கியம் நடுத்தர நீளத்தில், அழுத்தமில்லாத வினையோடு, மூன்றாவது ஆளைப் பற்றியதாக இருந்தால் போதும்: "எடை போடும் பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்." இப்போது முற்று, மரியாதைப் பன்மை இல்லாத ஒருவனுக்குப் போயிருக்கிறது, இத்தனை 'ஆர்'களுக்குப் பிறகு வரும் முதல் 'ஆன்' அது. தராசு என்ன காட்டியது என்பதை இந்தக் காட்சியிலேயே சொல்லப் போகிறீர்கள் என்றால் வினையில்லாமல் எண்ணை மட்டும் எழுதி நிறுத்துங்கள். அடுத்த காட்சிக்கு அதைக் கொண்டுபோவதாக இருந்தால் பையன் பார்த்ததோடு வெட்டிவிட்டு, அடுத்த பத்தியை மாயாண்டியின் ஊரில், ஒரு நீண்ட 'செய்து' தொடரில் தொடங்குங்கள்.